'டு தி நீட்ஃபுல்' இல்லாமல் ஒரு கோரிக்கைக் கடிதம்: தோட்டத்து பெனிஃபிட் பணத்தை எழுத்தில் கேட்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்பட்டணத்தில் வழக்கறிஞர் அலுவலகத்திலோ தொழிற்சங்கக் கிளையிலோ நீங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தால், சீக்கிரமே ஒரு வேலை உங்கள் மேசைக்கு வரும். தோட்டம் கைமாறியிருக்கும் அல்லது செம்பனையை அழித்துவிட்டு வீடு கட்டப் போகிறார்கள் என்று பேச்சு நடக்கும். இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் ஒரு பிளாஸ்டிக் பையில் சம்பளச் சீட்டுகளை எடுத்து வருவார். "தம்பி, கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போட்டுக் குடுப்பா" என்பார்.

அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் கை பழகிய இங்கிலீஷ் ஒன்று இருக்கிறது: கைண்ட்லி டு தி நீட்ஃபுல், ப்ளீஸ் ரிவர்ட் பேக், அட் தி எர்லியஸ்ட், லுக் இன்டு தி சேம். இவை இந்தியாவின் அலுவலக இங்கிலீஷில் பழகிப்போன எழுத்து வழக்குகள். தோட்ட ஆபீஸ்களுக்கு இங்கிலீஷ் படித்த கிராணிகள் கேரளத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தபோது இந்த நடையும் கூடவே வந்திருக்கலாம். பேச்சுக்கும் சாதாரண மின்னஞ்சலுக்கும் அதில் ஒரு குற்றமும் இல்லை, அதை மரியாதையாகவே எழுதினார்கள். ஆனால் பணமும் காலக்கெடுவும் தொங்கும் ஒரு கடிதத்தில் இந்தச் சொற்கள் நம் ஆளுக்கு நேரடியாக நட்டம் செய்கின்றன. அது எப்படி என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

முதலில் கணக்கு, அப்புறம்தான் கடிதம்

ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1 ஏப்ரல் 2003 முதல் ஒரே கம்பெனியில் செம்பனைத் தோட்ட வேலை. தோட்டத்தை விற்றுவிட்டோம் என்று சொல்லி, 31 மார்ச் 2025-ஓடு வேலை முடிகிறது என ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸ் காலம் சரியாகத்தான் இருந்தது. வேலை முடிந்ததற்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பெனிஃபிட் பணம் மட்டும் வரவில்லை.

பேனாவை எடுப்பதற்கு முன் 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு நிவாரண விதிமுறைகளைப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். சேவை இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி மாதச் சீட்டில் உள்ள தொகை அல்ல. வேலை முடிவதற்கு முந்தைய 12 மாதங்களின் சராசரி அது. குலை வெட்டுகிறவர்களுக்கும் பழம் பொறுக்குகிறவர்களுக்கும் சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால், இந்தச் சராசரியைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு நீங்களே போட வேண்டும்.

நம் அம்மாவுக்கு அந்தச் சராசரி 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சேவை சரியாக 22 வருடம். வருடத்துக்கு 20 நாள் வீதம் 440 நாள். அதை 60-ஆல் பெருக்கினால் 26,400 ரிங்கிட். வேலை முடிந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள், அதாவது 7 ஏப்ரலுக்குள், இந்தப் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

இதே நேரத்தில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. தன்னை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கினார்கள் என்று அந்த அம்மா நினைத்தால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். அதற்கு 60 நாள்தான், இங்கே அது 30 மே 2025. கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அந்த 60 நாள் நிற்காது. கோப்பின் முன் அட்டையிலேயே இந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். ரிவர்ட் பேக் என்று எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு முதலில் கைநழுவிப் போவது இந்த நாள்தான்.

யாருக்கு எழுதுகிறோம்?

வழக்கமாகக் கடிதம் 'டியர் மேனேஜர்' என்று தொடங்கும். மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கடன் அவருடையது அல்ல. சம்பளச் சீட்டிலும், ஊழியர் சேமநிதி அறிக்கையிலும், வேலை முடிப்புக் கடிதத்தின் தலைப்பிலும் உள்ள கம்பெனிப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி ஒன்றாகவும், நிர்வாகம் செய்யும் கம்பெனி வேறாகவும் இருப்பது சாதாரணம். சம்பளம் கொடுத்து சேமநிதிப் பணம் கட்டியது யாரோ, அந்தச் செண்டிரியான் பெர்ஹாட்டின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் கடிதத்தின் தலையில் போட்டு, அதன் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். தோட்ட மேனேஜருக்கு ஒரு நகல் போதும்.

பழைய நடையில் எழுதினால் எப்படி இருக்கும்?

இந்த அம்மாவுக்குப் பழகிய நடையில் எழுதினால் கடிதத்தின் உடல் இப்படி இருக்கும்:

"தி அபவ் மேட்டர் ரெஃபர்ஸ். ஐ ஹேவ் நாட் காட் மை பெனிஃபிட் டில் டேட். கைண்ட்லி லுக் இன்டு தி சேம் அண்ட் டு தி நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட். ப்ளீஸ் ரிவர்ட் பேக். தேங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன்."

கம்பெனியின் கணக்கு இலாகாவில் உட்கார்ந்து இதைப் படிப்பவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெரியாது, எதன் அடிப்படையில் என்றும் தெரியாது. எந்த நாளுக்குள் என்றும் இல்லை, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை. இரண்டு மாதம் கழித்து 'உங்கள் கடிதம் பரிசீலனையில் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதினால் கேட்டதற்குப் பதில் சொன்னதாகிவிடும். ஏனென்றால் கடிதம் கேட்டதே அவ்வளவுதான்.

பிறகு தொழிலாளர் இலாகாவில் விசாரணை வரும்போது இந்தக் கடிதம் ஆவணமாக மேசையில் இருக்கும். விசாரிக்கும் அதிகாரி, 'பணத்தைக் கேட்டீர்களா?' என்று கேட்டால், கேட்டோம் என்று தைரியமாக விரல் வைத்துக் காட்ட ஒரு வரி கூட இதில் இல்லை.

நீட்ஃபுலைப் பிரித்து எழுதுங்கள்

டு தி நீட்ஃபுல் என்று எழுதும்போது எழுதுகிறவர் மனதில் ஒரு செயல் இருக்கும். படிப்பவர் அதைத் தானே ஊகிக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். சட்டக் கடிதத்தில் ஊகிக்கும் வேலையை எதிர்த்தரப்பிடம் கொடுத்தால், அவர் தனக்கு வசதியானதைத்தான் ஊகிப்பார். கணக்கைச் சரிபார்ப்பதும் நீட்ஃபுல்தான், கோப்பைத் தலைமையகத்துக்கு அனுப்புவதும் நீட்ஃபுல்தான்.

அதனால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, செய்ய வேண்டிய வேலைக்கு உரிய வினைச்சொல்லை அங்கே எழுதுங்கள்: பே, டெலிவர், சைன், ரிட்டர்ன், ரிமூவ். பிறகு எவ்வளவு, யாருக்கு, எந்த வழியில், எந்த நாளுக்குள் என்பதைச் சேருங்கள். நம் உதாரணத்தில் வாக்கியம் இப்படி வரும்:

"ப்ளீஸ் பே மீ தி சம் ஆஃப் ரிங்கிட் 26,400, பை டிரான்ஸ்ஃபர் டு தி பேங்க் அக்கவுண்ட் ஸ்டேட்டட் பிலோ, நாட் லேட்டர் தான் 29 ஏப்ரல் 2025."

இரண்டு செயல் வேண்டுமென்றால் இரண்டு வாக்கியம் எழுதுங்கள், எண் போடுங்கள். பணத்தோடு சேவைச் சான்றிதழும் வேண்டும் என்றால் அதற்குத் தனி எண், தனி வினை. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் திணித்தால், சுலபமானதைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

கைண்ட்லி என்ற சொல்லைப் பற்றி அலுவலகங்களில் விவாதம் நடப்பதுண்டு. என் கருத்து இதுதான்: தகவல் கேட்கும் கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய பணத்தைக் கேட்கும் வாக்கியத்தில் எடுத்துவிடுங்கள். 'தயவுசெய்து' என்றதும் அது ஒரு வேண்டுகோளாகிவிடுகிறது, வேண்டுகோளை மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. மரியாதைக்கு ப்ளீஸ் ஒன்று போதும். அதற்காக மிரட்டும் தொனிக்கும் போக வேண்டாம். தொகையும் தேதியும் தெளிவாக இருந்தால் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது.

ரிவர்ட் பேக்குக்குப் பதிலாக என்ன கேட்பது?

மலேசியாவில் ரிவர்ட் என்பதைப் 'பதில் சொல்' என்ற பொருளில் வங்கியிலிருந்து அரசாங்க அலுவலகம் வரை எல்லோரும் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் புரியவும் செய்கிறது. ஆனால் தோட்டப்பட்டணத்தில் நம் கைக்கு வரும் விவகாரங்களில் பாதி நிலத்தைத் தொட்டவை. தேசிய நிலச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது: குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் மாநில அரசிடம் திரும்பிப் போவதை அது குறிக்கிறது. லயத்து வீடு இருக்கும் நிலத்தைப் பற்றிய கடிதத்தில் 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி லேண்ட்' என்று எழுதினால் என்ன அர்த்தம் கொள்வது? பதில் கேட்கிறோமா, நிலத்தைத் திருப்பிக் கேட்கிறோமா? ரிப்ளை என்ற சாதாரணச் சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எதற்குப் பதில் வேண்டும் என்று சொல்லாவிட்டால், 'கடிதம் கிடைத்தது, நன்றி' என்பதும் பதில்தான். ஆம், இல்லை என்று சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வியை வையுங்கள்:

"ப்ளீஸ் ரிப்ளை இன் ரைட்டிங் பை 29 ஏப்ரல் 2025, ஸ்டேட்டிங் வெதர் யூ அக்ரீ தட் திஸ் சம் இஸ் டியூ. இஃப் யூ டு நாட் அக்ரீ, ப்ளீஸ் ஸ்டேட் தி அமௌன்ட் யூ சே இஸ் டியூ அண்ட் ஹவ் யூ கேல்குலேட் இட்."

இரண்டாம் வாக்கியம் ரொம்ப முக்கியம். கம்பெனி 26,400 இல்லை, 19,800 என்று எழுதினால், அந்த 19,800-ஐ ஒப்புக்கொண்டதாகிவிடும். மிச்சம் 6,600-க்குத்தான் சண்டை. 22 வருட சேவையில் 15 நாள் வீதம் போட்டிருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பதிலே வராவிட்டால்? அதற்கும் பயன் உண்டு. கடிதத்தில் தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரு விஷயத்தை எதிர்த்தரப்பு மறுக்காமல் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தை அதற்கு எதிராக நீதிமன்றம் எடைபோடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் ஒரு வழக்கில் காட்டியிருக்கிறது. மௌனம் தானாக ஒப்புதல் ஆகிவிடாது, சூழ்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் எடைபோட வேண்டுமென்றால் முதலில் கடிதத்தில் மறுக்கக்கூடிய ஒரு கூற்று இருக்க வேண்டும். லுக் இன்டு தி சேம் என்பதை மறுக்க என்ன இருக்கிறது?

தேதியைத் தேதியாகவே எழுதுங்கள்

அட் தி எர்லியஸ்ட், ஏ.எஸ்.ஏ.பி., இமீடியட்லி இவற்றில் எதுவும் ஒரு நாளைக் குறிக்கவில்லை. 'பதினான்கு நாளுக்குள்' என்பது அதைவிடத் தேவலை, ஆனாலும் கடிதம் எழுதிய நாளிலிருந்தா, அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா என்று ஒரு சண்டைக்கு இடம் இருக்கிறது. 15 ஏப்ரல் கடிதத்தில் 29 ஏப்ரல் 2025 என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. மலாய்க் கடிதத்தில் இதற்கு 'செலேவாட்-லேவாட்ஞா படா' என்று ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதிப் பழகியதுதான், மலாயில் எழுதும்போது அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். பேராக்கில் சனி, ஞாயிறு விடுமுறை. ஆனால் கெடாவில் வெள்ளி, சனி. கூலிமில் உள்ள அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமையைக் கெடுவாகக் கொடுத்தால் கடைசி நாள் பூட்டிய கதவுதான்.

சம்பவத்தை எழுதும் பத்தி

தி சேம், தி அபவ், தி செய்ட் மேட்டர் எல்லாம் இந்தப் பத்தியில்தான் கூட்டமாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அது எதைச் சுட்டுகிறதோ அந்தப் பெயரையே திரும்ப எழுதுங்கள். பெயர் மூன்று முறை வந்தால் வரட்டும். சட்டக் கடிதத்தில் அழகைவிடச் சந்தேகம் இல்லாமல் இருப்பதுதான் பெரிது.

நம் அம்மாவின் பத்தியில் ஐந்து தகவல் வேண்டும்: வேலையில் சேர்ந்த தேதி, வேலை முடிந்த தேதி, முடிப்புக் கடிதத்தின் தேதி, சராசரி நாள் சம்பளம், கணக்கு. இதோடு ஒரு வாக்கியத்தை மறக்காமல் சேருங்கள். தோட்டத்தை வாங்கியவர், கைமாறிய ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலையைத் தொடரச் சொல்லி அழைத்திருந்தால், பெனிஃபிட் பணம் கேட்க முடியாமல் போகலாம். நம் அம்மாவுக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. அதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால், அவர்கள் பிறகு அந்தப் பக்கம் நழுவ முடியாது. அழைப்பு வந்ததா என்று அவரிடம் ஒரு முறைக்கு இரண்டு முறை கேளுங்கள். தண்டல் வாய்வார்த்தையாக ஏதாவது சொன்னாரா, மண்டபத்தில் கூட்டம் போட்டார்களா என்று விசாரித்த பிறகே எழுதுங்கள். உண்மை இல்லாத ஒரு வரி முழுக் கடிதத்தையும் கெடுத்துவிடும்.

விளைவை எழுதும் வாக்கியம்

'ஃபெயிலிங் விச் வீ ஷல் டேக் நெசஸரி ஆக்ஷன்' என்பது நீட்ஃபுலின் அண்ணன். நெசஸரி ஆக்ஷன் என்னவென்று யாருக்கும் தெரியாது. இப்படி எழுதலாம்:

"இஃப் ஐ டு நாட் ரிசீவ் திஸ் சம் பை 29 ஏப்ரல் 2025, ஐ வில் ஃபைல் எ கம்ப்ளெய்ன்ட் வித் தி லேபர் டிபார்ட்மென்ட் அண்டர் செக்ஷன் 69 ஆஃப் தி எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் 1955."

எந்த இலாகா, எந்தப் பிரிவு என்று தெரிந்தவர் எழுதிய கடிதம் என்பது கம்பெனிக்கு இதைப் பார்த்தாலே புரியும். நீங்கள் உண்மையில் செய்யப் போவதை மட்டும் எழுதுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, முக்கியமாக வழக்கறிஞர் அல்லாத தொண்டர்களுக்கு. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, அனுமதி இல்லாதவர் இன்னொருவருக்காகச் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று மிரட்டும் கடிதம் அனுப்புவதைத் தடை செய்கிறது. அதனால் கடிதம் அந்த அம்மாவின் பெயரில், 'ஐ' என்று தன்மையில், அவர் கையெழுத்தோடு போக வேண்டும். 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்று உங்கள் பெயரில் போகக் கூடாது. வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்தால் வழக்கறிஞர் படித்துக் கையெழுத்திடாமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது.

தலைப்புக்கு மேலே 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்று அச்சடிக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அது வேண்டவே வேண்டாம். சமரசப் பேச்சுக்கான கடிதங்களுக்கு உரிய சொல் அது. அப்படிப்பட்ட கடிதத்தைப் பின்னர் சாட்சியமாகக் காட்ட முடியாதபடி சட்டம் பாதுகாக்கிறது. நமக்கோ இந்தக் கடிதத்தை அதிகாரி முன் காட்டியே ஆக வேண்டும். பின்னால், 'சரி, 24,000-க்கு முடித்துக்கொள்ளலாமா' என்று பேச்சு வந்தால், அந்தச் சமரசக் கடிதத்தில் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' போடுங்கள்.

கையெழுத்தும் அனுப்புவதும்

எழுதி முடித்த பிறகு அந்த அம்மாவை உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லுங்கள். தேதியும் தொகையும் அவர் வாயால் திரும்பச் சொல்லட்டும். விசாரணையில் 'இது நீங்கள் எழுதிய கடிதமா, இதில் என்ன இருக்கிறது?' என்று அவரைத்தான் கேட்பார்கள். அவர் சொல்ல முடியாத வாக்கியம் ஒன்று இருந்தால், அதை மாற்றி எளிதாக எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அது பழைய நடை ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்கியமாகத்தான் இருக்கும்.

இரண்டு வழியில் அனுப்புங்கள். ஒரு பிரதி பதிவு அஞ்சலில், பெற்றுக்கொண்டதற்கான ஏ.ஆர். அட்டையோடு, பதிவு அலுவலகத்துக்குப் போகட்டும். இன்னொன்றைத் தோட்ட ஆபீசில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சாப் குத்தி வாங்குங்கள். சாப் குத்த மறுத்தால் சத்தம் போட வேண்டாம். யாரிடம், எந்த நேரத்தில் கொடுத்தோம், என்ன சொன்னார்கள் என்று நகலின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டு வாருங்கள்.

29 ஏப்ரல் வந்து, பணம் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் நினைவூட்டல் கடிதம் என்று இன்னொன்று எழுத உட்காராதீர்கள். மறுநாள் காலையே சம்பளச் சீட்டுகள், முடிப்புக் கடிதம், சாப் குத்திய நகல், அஞ்சல் ரசீது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். நீக்கியதே நியாயமில்லை என்று அந்த அம்மா சொன்னால், தொழில் உறவு இலாகா மனுவையும் அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். 30 மே வரை நாள் இருக்கிறதே என்று வைத்திருக்க வேண்டாம்.